மண்ணும் உழவும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், வடலூருக்கு முன்னதாக அமைந்துள்ள ஊர் குள்ளஞ்சாவடி. சுற்றிலும் செம்மண் நிலம். மேட்டுப்பாங்கான இடங்களில் முந்திரித் தோப்புகள். நீர் கிடைக்கும் இடங்களில் எங்கள் பகுதியினர் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை. நல்ல விளைச்சல் கண்ட உழவரைப் பற்றி இங்கே இருவகைப் பேச்சு எழுவதை இளமை முதலே கேட்டிருக்கிறேன். “அவர் உழைப்பு அப்படி” என்பார் ஒருவர். “அவர் மண் அப்படி” என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மையே. ஆயினும், பத்து மூட்டை விளைந்த இடத்தில் மண்ணுக்கு எத்தனை மூட்டை, உழவுக்கு எத்தனை மூட்டை என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் இயன்றதில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியனாகப் பல ஆண்டுகள் மதிப்பெண் பட்டியல்களைக் கையாண்ட எனக்கு, அந்தப் பழைய பேச்சு அடிக்கடி நினைவுக்கு வந்ததுண்டு. மதிப்பெண்ணும் ஒரு விளைச்சல்தான். மிகுதியாகப் பெற்றவருக்கு நல்ல கல்லூரியும், நல்ல ஊதியமும், ஊராரின் மதிப்பும் கிடைக்கின்றன. அவருடைய திறமைக்கும் உழைப்புக்கும் உரிய பரிசு அது என்கிறோம். அந்தத் திறமையும், உழைப்பதற்கான வாய்ப்பும் அவர் தேர்ந்தெடுக்காமலே அவருக்கு வாய்த்தவை என்றால், பெரிய பரிசு அவருக்கு எவ்வகையில் உரியதாகிறது? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

உழைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். உழைப்பவர் உயர்வர் என்பது நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் முதல் பாடம். எங்கள் ஊர்ப்பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைக் கண்டவர் அப்பாடத்தை அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார். கொட்டையின் ஓட்டுக்குள் தோலைப் பொத்துவிடும் கரிய எண்ணெய் உண்டு. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, பருப்பு உடையாமல், ஒவ்வொரு கொட்டையாகத் தட்டிப் பிரிக்க வேண்டும். பருப்பு உடைந்தால் அதன் விலை குறையும். காலையில் குந்தியவர் மாலை வரை எழுவதில்லை. உழைப்பின் அளவே பரிசின் அளவு என்பது உண்மையானால், எங்கள் பகுதியின் செல்வர்கள் இப்பெண்களாகவே இருந்திருப்பர்.

என் தமக்கையார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அந்த வேலைக்குச் சென்றவர். மனக்கணக்கில் அவருக்கு இணையாக எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. நான் தாளில் எழுதிப் போடும் கணக்குக்கு, அடுப்பங்கரையிலிருந்தே விடை சொல்வார். அவர் ஈட்டிய கூலியில்தான் எனக்குப் புத்தகமும் பேருந்துக் கட்டணமும் வந்தன. நான் இரவில் கண்விழித்துப் படித்தது உண்மை. அந்த உழைப்பு என்னுடையதே. ஆனால், கண்விழிப்பதற்கான விளக்கும், மறுநாள் கூலிக்குப் போகத் தேவையில்லாத விடியலும் எனக்குப் பிறர் தந்தவை. நான் ஆணாகப் பிறந்ததும், இளையவனாகப் பிறந்ததும் என் சாதனைகள் அல்ல. அவருக்குக் கிட்டாத பள்ளியிறுதி வகுப்பு எனக்குக் கிட்டியதற்கு அவ்விரண்டுமே பெருங்காரணங்கள். உழைக்கும் மனம் இருவருக்கும் இருந்தது. ஒருவரின் உழைப்பு பட்டமாக மாறியது. மற்றவரின் உழைப்பு அந்தப் பட்டத்துக்கு எருவாயிற்று.

இனித் திறமையை எடுத்துக்கொள்வோம். வடலூரைக் கடந்து மேற்கே சென்றால் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கருநிறப் பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர்த் தெளிவாயிற்று. அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அவர் கொடையாக அளித்தார். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது; 1957இல் சுரங்கப் பணி தொடங்கியது. மேல்மண்ணை அகற்றி, அடியில் அழுத்தத்தோடு நின்ற நிலத்தடி நீரை இறைத்து, நிலக்கரியின் முகத்தைக் காண 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்நான்கு ஆண்டுகளும் மனித உழைப்பு, ஐயமில்லை. நிலக்கரியோ எவருடைய உழைப்பும் அன்று. அது மனிதர் தோன்றுவதற்கு முன்பே அங்கே படிந்தது. ஒருவர் பத்து ஆள் சேர்ந்து அதே ஆழத்துக்கு வேறோர் ஊரில் தோண்டியிருந்தால் களிமண்ணைத்தான் கண்டிருப்பார். மனிதரின் இயல்பான திறமையும் இத்தகையதே. கூர்ந்த நினைவாற்றலோடு பிறந்தவர் அதைத் தோண்டி எடுக்க உழைக்கிறார். தோண்டியது அவர், படிய வைத்தது அவர் அல்லர். நிலக்கரிக்கு விலை இருப்பதும் அதைத் தோண்டியவரால் அன்று. மின்சாரத்தின் தேவையை அறிந்த காலத்தில் அது கண்டெடுக்கப்பட்டதால் விலை பெற்றது. வில்லெறிவதில் வல்லவர் ஒரு காலத்தில் படைத்தலைவர். இன்று கணினிக்கு ஆணை எழுத வல்லவர் பெரும் ஊதியம் பெறுகிறார். எந்தத் திறமைக்கு எந்தக் காலம் விலை தரும் என்பதும் நம் தேர்வு அன்று.

அமெரிக்கச் சிந்தனையாளர் ஜான் ரால்ஸ், 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் இக்கருத்தை விரிவாக ஆய்ந்தார். பிறப்பில் வாய்த்த திறமையும் குடும்பச் சூழலும் அறநோக்கில் தற்செயலானவை. முயலும் மனப்பான்மைகூட நல்ல குடும்பத்தையும் சூழலையும் பெரிதும் சார்ந்தே வளர்கிறது என்பது அவர் முடிவு. எனவே, திறமையுடையோர் கூடுதலாகப் பெறலாம். ஆனால், அவ்வாறு பெறுவது மிகத் தாழ்ந்த நிலையில் உள்ளோருக்கும் நன்மை தருவதாக அமைய வேண்டும் என்றார். அவருடைய பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றிய ராபர்ட் நோசிக் 1974இல் இதை மறுத்தெழுதினார். ஒருவருடைய திறமை தற்செயலாக வந்திருக்கலாம். அதற்காக அது அவருடையது இல்லை என்று ஆகிவிடுமா? மக்கள் தம் விருப்பத்தோடு ஒரு விளையாட்டு வீரருக்குக் காசு கொடுத்தால், அதைப் பெற அவருக்கு உரிமை இல்லையா? இவை நோசிக்கின் வினாக்கள்.

இருவரையும் படித்தபின் எனக்குத் தெளிந்தது ஒன்று. உரிமை வேறு, தகுதி வேறு. முன்கூட்டி அறிவிக்கப்பட்ட விதியின்படி வென்றவருக்கு அப்பரிசைப் பெறும் உரிமை உண்டு. அதைப் பறிப்பது அநீதி. ஆனால், பரிசு பெற்றதனாலேயே அவர் பெறாதவரைக் காட்டிலும் மேலான மனிதர் என்று ஆகிவிடாது. விதியை எப்படி அமைப்பது என்னும் வினாவும் அதனால் முடிந்துவிடாது. விதி அமைந்த பிறகே உரிமை பிறக்கிறது. விதியை அமைக்கும்போது, அது எதை அளக்கிறது என்று கேட்கும் கடமை சமுதாயத்துக்கு இருக்கிறது.

இதை நம் மாநிலத்தின் அண்மைக்கால நிகழ்வு ஒன்றைக் கொண்டு பார்ப்போம். தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டபின், 2007 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் மருத்துவ மாணவர் சேர்க்கை நடைபெற்றது. 2017 முதல் நீட் தேர்வு அதன் இடத்தைப் பிடித்தது. மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். பாடத்தை அறிந்தால் மட்டும் போதாது. விரைவும், எதை எழுதாமல் விடுவது என்னும் பயிற்சியும் வேண்டும். அப்பயிற்சியைத் தனியார் மையங்கள் விலைக்குத் தருகின்றன. ஓராண்டு, ஈராண்டு வீட்டிலிருந்தே மீண்டும் எழுதக் காத்திருப்பதற்கும் செலவு உண்டு. மாநிலத்தின் மேல்நிலை மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் அரசுப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவ்வாறிருந்தும் 2019ஆம் ஆண்டு சேர்க்கையில் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தோரை ஒரு கையாலும் மறுகையின் சில விரல்களாலும் எண்ணிவிடலாம்.

இதற்கு இரண்டு விளக்கங்களே இருக்க இயலும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் திறமையும் உழைப்பும் அற்றவர்கள் என்பது ஒன்று. தேர்வு, உழவோடு மண்ணையும் சேர்த்து அளக்கிறது என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை வகுப்பறைக்குள் ஒரு வாரம் நின்ற எவரும் ஏற்கமாட்டார்.

நீதியரசர் கலையரசன் தலைமையிலான ஆணையம் இதை ஆய்ந்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு இடங்களை உள்ஒதுக்கீடாக வழங்கலாம் எனப் பரிந்துரைத்தது. அரசு அதனை 7.5 விழுக்காடாக வரையறுத்துச் சட்டமுன்வடிவு கொண்டுவந்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. அக்டோபர் இறுதியில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு அது உரியது. அந்த ஆண்டிலேயே நானூறை ஒட்டிய மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் அவர்களுக்கென ஒதுங்கின.

இச்சட்டம் செய்வது என்ன என்பதை நுணுகிப் பார்க்க வேண்டும். அது எவருக்கும் மதிப்பெண்ணைக் கூட்டித் தரவில்லை. தேர்வையும் நீக்கவில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நகரில் ஈராண்டு பயிற்சி மையத்தில் பயின்ற மாணவர் 560 மதிப்பெண் பெறுகிறார். குள்ளஞ்சாவடிப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி 440 பெறுகிறார். இடையே உள்ள 120இல் பயிற்சியின் பங்கு எவ்வளவு, முயற்சியின் பங்கு எவ்வளவு? மூட்டைக் கணக்கைப் போலவே இதற்கும் விடை இல்லை. முயற்சியும் வசதியும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய செங்கற்கள் அல்ல, பிரித்தெடுப்பதற்கு. அவை செவ்வகத்தின் நீளமும் அகலமும் போன்றவை. பரப்பளவில் நீளம் தந்தது எவ்வளவு, அகலம் தந்தது எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை. ஆகவே, ‘அம்மாணவிக்கு ஐம்பது மதிப்பெண் ஈடு தருவோம்’ என்றால், அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் திகைப்போம்.

ஆனால், அதே சூழலில், அதே போன்ற பள்ளியில் பயின்ற மற்றொரு மாணவர் 400 பெறுகிறார் என்போம். இந்த இருவருக்கும் இடையிலான 40ஐப் பற்றி நாம் சற்று உறுதியாகப் பேசலாம். அகலம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போது, பரப்பின் வேறுபாடு நீளத்தைக் காட்டுகிறது. ஒரே மண்ணில் உழுத இருவரின் விளைச்சலை ஒப்பிட்டால் உழவின் அருமை தெரியும். 7.5 விழுக்காட்டுச் சட்டத்தின் உள்ளீடு இதுவே. பிரிக்க முடியாததைப் பிரிக்க அது முயலவில்லை, ஒப்பிடத்தக்கவர்களை ஒப்பிடுகிறது. உழைப்பைப் புறக்கணிக்கும் சட்டம் என்று சிலர் கூறுவர். உழைப்பை ஓரளவேனும் தனியே காண வழிசெய்யும் சட்டம் என்பதே என் துணிபு.

இச்சட்டம் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சனவரியில், மருத்துவ மேற்படிப்பு தொடர்பான வேறொரு வழக்கில், போட்டித்தேர்வு மதிப்பெண் ஒருவருடைய சமூக, பொருளாதார, பண்பாட்டு வசதிகளை வெளிக்காட்டுவதில்லை என்றும், தகுதி என்பதை மதிப்பெண்ணாக மட்டும் சுருக்கக் கூடாது என்றும் உச்சநீதிமன்றம் விளக்கியிருந்தது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். இவ்விதியால் இடம் இழக்கும் நகரத்து மாணவர் என்ன பிழை செய்தார்? ஒரு பிழையும் செய்யவில்லை. அவரும் உறக்கம் துறந்து படித்தவர். அவருடைய பெற்றோர் கடன் வாங்கியும் இருக்கலாம். அவருக்குள்ள ஏமாற்றம் பொய்யன்று; அதை எள்ளி நகையாடுவது அறமும் அன்று. எனினும், அவர் இழந்தது தம் உழைப்பின் பயனை அன்று. உழைப்போடு சேர்ந்துவந்த மண்ணின் பயனில் ஒரு சிறு பங்கை. ஆயிரம் இடங்களில் எழுபத்தைந்து போக, எஞ்சியவற்றுக்கு அவர் போட்டியிடுகிறார்.

மருத்துவரின் தரம் குறைந்துவிடாதா என்பது மற்றொரு கேள்வி. நோயாளிக்கு வேண்டுவது உள்ளே நுழைந்தபோது மருத்துவர் பெற்ற எண் அன்று. வெளியே வரும்போது அவர் கற்றிருக்கும் தொழில். உள்ளே நுழைந்தபின் பாடம் ஒன்றே, தேர்வுத்தாள் ஒன்றே, தேர்ச்சிக்கான எல்லையும் ஒன்றே. நுழைவாயிலில் மண்ணைக் கருத்தில் கொள்ளலாம். வெளிவாயிலில் அனைவருக்கும் ஓர் அளவுகோலே இருக்க வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தால் வாதம் திசைமாறிவிடும்.

சட்டத்தின் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. முதலாண்டிலேயே ஒரு சிக்கல் தோன்றியது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த ஏழை மாணவர் சிலர் கட்டணத்துக்கு வழியின்றி அதை விட்டுச்செல்லும் நிலை வந்தது. அதன் பின்னரே அவர்களின் கட்டணத்தை அரசு ஏற்பதாக அறிவித்தது. கதவைத் திறந்துவிட்டு, படிக்கட்டு வைக்க மறந்தது போன்றது அது. எல்லைக்கோட்டிலும் இடர் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் பயிலும் கூலித்தொழிலாளியின் மகள் இந்த ஒதுக்கீட்டுக்குள் வருவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் பயின்றால் உள்ளே வருகிறார். ஒதுக்கீட்டுக்கு உள்ளேயும், மீண்டும் ஓராண்டு காத்திருந்து எழுத வசதி உள்ளவர் முந்துகிறார். பள்ளியின் பெயர் மண்ணின் ஓர் அடையாளமே தவிர, மண் முழுவதும் அன்று. எந்த விதியும் வாழ்க்கையை முழுதாக அளந்துவிடாது. விதி சரியாக இயங்குகிறதா என அறிய வேண்டுமெனில், அதன்வழி நுழைந்தோர் யாவர், எத்தனையாவது முயற்சியில் நுழைந்தனர், படிப்பை முடித்தனரா என்பவற்றை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

அவ்வாறாயின், திறமையும் உழைப்பும் உடையோருக்குப் பெரிய பரிசு தகுமா? மருத்துவருக்குக் கூடுதல் ஊதியம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நீண்ட கல்வியையும் பெரும் பொறுப்பையும் ஒருவர் ஏற்க முன்வருவதற்கு ஊதியமும் ஒரு காரணம். அவர் முன்வருவதால் ஊர் பிழைக்கிறது. அது சமுதாயம் தன் தேவைக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை, பிறப்பிலேயே எழுதப்பட்ட மேன்மைக்கான சான்றாகக் கொள்வதைத்தான் மறுக்கிறேன். முந்திரி உடைக்கும் கைக்கும் அறுவை செய்யும் கைக்கும் ஊதியம் வேறுபடலாம். அவ்வேறுபாடு எவ்வளவு என்பது ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கேட்டறிய வேண்டிய வினா. உடைப்பவரின் மகளுக்கு அறுவை அரங்கின் கதவு மூடியிருக்குமானால், அந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்ல எவராலும் இயலாது.

அடுத்த ஆண்டு உங்கள் கையில் ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கும். அதில் உள்ள எண் சிறியதாயினும் பெரியதாயினும், அதன் கீழே அச்சிடப்படாத பெயர்கள் சில இருக்கும். பாடம் சொன்னவர், கூலியில் மிச்சம் பிடித்தவர், உங்களுக்காகப் படிப்பை விட்டவர். பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் இருப்பது விதியின் வசதிக்காக. பரிசு பெரிதாக வரும்போது அதில் அவர்களுக்கும் அவர்களைப் போன்ற பிறருக்கும் பங்குண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது கருணை அன்று, கடன்.